கஞ்சன் கொடுத்த ஒரு சோழி

பிச்சை கேட்டு ஒருவன் வருகிறான். எதிரே நிற்பவன் ஒரு திரம்மத்தில் பாதியை எடுக்கிறான். அந்தப் பாதியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறான். அதில் முக்கால், அந்த முக்காலில் ஐந்தில் ஒன்று, அதில் பதினாறில் ஒன்று, அதிலும் கால் என்று குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கையில் நின்றதைப் பிச்சைக்காரனுக்குக் கொடுக்கிறான். அவன் கொடுத்தது எத்தனை சோழி?

இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய 'லீலாவதி' என்ற கணித நூலில் வரும் கணக்கு இது. திரம்மம் ஒரு நாணயம். அதைச் சில்லறையாக மாற்றும் வாய்பாட்டை அந்த நூலே தொடக்கத்தில் தந்துவிடுகிறது: 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம். ஆக, ஒரு திரம்மம் என்பது 20 × 4 × 16 = 1280 சோழி.

பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது, ஓர் அளவில் இத்தனை பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது, மேலும் கீழும் அடித்துச் சுருக்குவது ஆகிய மூன்றும் இந்த ஒரே கணக்கில் இருக்கின்றன. இன்றைய ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தனித்தனிப் பயிற்சிகளாகப் போடும் இந்த மூன்றும் உண்மையில் ஒரே செயல் என்பதை இதை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு படியாகப் போனால்

முதலில் யாருக்கும் தோன்றும் வழியிலேயே போவோம். கையில் 1280 சோழி இருக்கிறது. பாதி என்றால் 640. அடுத்து அந்த 640இல் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஓர் அளவில் இத்தனை பங்கு என்று கேட்டால் செய்ய வேண்டியவை இரண்டு. கீழே உள்ள எண்ணால், அதாவது பகுதியால் வகுத்தால் ஒரு பங்கு கிடைக்கும். மேலே உள்ள எண்ணால், அதாவது தொகுதியால் பெருக்கினால் நமக்கு வேண்டிய அத்தனை பங்கும் கிடைக்கும். 60 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு என்றால், மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 20 ரூபாய், இரண்டு பங்கு 40 ரூபாய்.

ஆனால் 640 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஒரு பங்கு 213 1/3 சோழி. இரண்டு பங்கு 426 2/3 சோழி. முழுச் சோழியை எண்ணத் தொடங்கியவர் நடுவழியில் உடைந்த சோழியோடு நிற்கிறார். கணக்குப் போடும் பிள்ளை தடுமாறுவதும், கால்குலேட்டரில் 426.67 என்று எழுதிவிட்டு மேலே போவதும் இந்த இடத்தில்தான்.

பொறுமையாகத் தொடர்ந்தால் சிக்கல் தானே தீர்ந்துவிடும். 426 2/3இல் முக்கால் 320. அதில் ஐந்தில் ஒன்று 64. அதில் பதினாறில் ஒன்று 4. அதில் கால் 1. கஞ்சன் கொடுத்தது ஒரே ஒரு சோழி.

விடை முழு எண்ணாக வந்துவிட்டது. நடுவில் தலைகாட்டிய அந்த மூன்றில் இரண்டு பங்கு உடைசல் எங்கே போயிற்று? மூன்றால் வகுத்ததால் வந்த உடைசல் அது. அடுத்த படியில் முக்கால் எடுக்கும்போது மூன்றால் பெருக்கினோம். வகுத்த மூன்றும் பெருக்கிய மூன்றும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன. இதை முன்கூட்டியே கண்டுகொண்டு, அந்த மூன்றால் வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம் என்று விட்டுவிடுவதற்குத்தான் அடித்தல் என்று பெயர்.

காகிதத்தில் பார்ப்போம்

இதைக் கண்ணால் பார்க்க ஒரு காகிதம் போதும். காகிதத்தை நீளவாக்கில் நான்கு சம பட்டைகளாக மடித்து, மூன்று பட்டைகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். வண்ணமுள்ள பகுதி 3/4. அந்த முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு?

வண்ணமுள்ள பட்டைகள் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. அவற்றைப் புதிதாக வெட்ட வேண்டியதே இல்லை. மூன்றில் இரண்டை எடுத்தால் போதும். நான்கு பட்டைகளில் இரண்டு, அதாவது பாதி.

2/3 × 3/4 = 2/4 = 1/2

முதல் பின்னத்தின் கீழே உள்ள 3 "மூன்றாகப் பிரி" என்கிறது. இரண்டாவது பின்னத்தின் மேலே உள்ள 3 "மூன்று துண்டு தயாராக இருக்கிறது" என்கிறது. தயாராக இருப்பதை மறுபடி பிரிக்க வேண்டாம் என்பதால் இரண்டு மூன்றையும் அடித்துவிடுகிறோம்.

துண்டுகள் அப்படித் தயாராக இல்லாவிட்டால்? காகிதத்தில் 4/5 பகுதிக்கு வண்ணம் தீட்டியிருக்கிறோம், அதில் 2/3 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் பட்டைகள் நான்கு. நான்கை மூன்று சம பங்காகப் பிரிக்க அப்படியே முடியாது. எனவே காகிதத்தைக் குறுக்கே மூன்றாக மடிக்க வேண்டும். ஐந்து பட்டை, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம் என்று மொத்தம் 15 கட்டங்கள் ஆகின்றன. வண்ணமுள்ள நான்கு பட்டைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம் எடுத்தால் 8. விடை 8/15. தொகுதியைத் தொகுதியால் பெருக்கு, பகுதியைப் பகுதியால் பெருக்கு என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. கீழே பெருக்குவது மொத்தக் கட்டங்களின் எண்ணிக்கை. மேலே பெருக்குவது நாம் எடுத்த கட்டங்களின் எண்ணிக்கை.

முக்காலையும் இதே போல் குறுக்கே மூன்றாக மடித்திருக்கலாம். 12 கட்டம் வரும், அதில் 6 எடுப்போம். 6/12 என்பதும் பாதிதான். விடை தவறாது. தேவையில்லாமல் காகிதத்தை நறுக்கிவிட்டு, பிறகு அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பாதி என்று சொல்லியிருப்போம், அவ்வளவுதான். முதலிலேயே அடித்தால் நறுக்கும் வேலையும் சேர்க்கும் வேலையும் மிச்சம்.

ஒரு பின்னத்தின் மேலும் மற்றொன்றின் கீழும்

ஒரே பின்னத்துக்குள் மேலும் கீழும் அடிப்பதைப் பலரும் தயக்கமின்றிச் செய்கிறார்கள். 6/8 என்பதை 3/4 ஆக்குவது எளிது. ஆனால் ஒரு பின்னத்தின் தொகுதியை அடுத்த பின்னத்தின் பகுதியோடு அடிக்கலாம் என்றால் மனம் சற்றுத் தயங்குகிறது. இரண்டும் வெவ்வேறு பின்னங்கள் அல்லவா?

பெருக்கல் குறி போட்டவுடன் அவை வெவ்வேறு அல்ல. ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம்.

8/15 × 25/36

விதிப்படி இது (8 × 25) / (15 × 36) என்ற ஒரே பின்னம். மேலே ஒரே பெருக்கல், கீழே ஒரே பெருக்கல். மேலே உள்ள 25 முதலில் எந்தப் பின்னத்திலிருந்து வந்தது என்பதற்கு இப்போது எந்தப் பொருளும் இல்லை. பின்னத்தின் மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுத்தால் அதன் மதிப்பு மாறாது. எனவே 8ஐயும் 36ஐயும் 4ஆல் வகுக்கலாம். 8 இருந்த இடத்தில் 2, 36 இருந்த இடத்தில் 9. அடுத்து 25ஐயும் 15ஐயும் 5ஆல் வகுக்கலாம். 25 இருந்த இடத்தில் 5, 15 இருந்த இடத்தில் 3. மிஞ்சுவது:

2/3 × 5/9 = 10/27

அடிக்காமல் பெருக்கியிருந்தால் 200/540 வந்திருக்கும். அதை எதனால் சுருக்குவது என்று மறுபடி தேட வேண்டியிருக்கும். பெருக்கும் முன் எண்கள் சிறியவையாக இருப்பதால் பொதுக் காரணி கண்ணுக்குத் தெரிகிறது. பெருக்கிய பின் அது பெரிய எண்ணுக்குள் மறைந்துபோகிறது. அடிப்பதைப் பெருக்கும் முன்பே செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் தெளிவான அடையாளம் உண்டு. மேலே மிஞ்சிய ஒவ்வோர் எண்ணையும் கீழே மிஞ்சிய ஒவ்வோர் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இணைக்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லையென்றால் வேலை முடிந்தது. அதற்குப் பின் பெருக்கி வரும் விடையை மேலும் சுருக்க முடியாது. மேலே 2, 5. கீழே 3, 9. எந்த இணையும் அடிபடாது. ஆகவே 10/27தான் முடிந்த முடிவு.

இந்தக் குறுக்கே அடிக்கும் முறை நம் நாட்டில் மிகப் பழையது. பாஸ்கரருக்கும் முந்தைய ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர் 'கணிதசாரசங்கிரகம்' என்ற நூலை எழுதினார. தொகுதியைத் தொகுதியால், பகுதியைப் பகுதியால் பெருக்கச் சொல்லும் விதியிலேயே, முடியுமானால் அதற்கு முன் குறுக்காகச் சுருக்கிக்கொள் என்கிறார் அவர். அந்தச் செயலுக்கு வஜ்ராபவர்த்தனம் என்று தனிப் பெயரே உண்டு. கையெழுத்துச் சுவடிகளில் கிடந்த இந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னையில் இருந்த பேராசிரியர் மா. ரங்காசாரியர். 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் அது வெளிவந்தது.

கஞ்சனின் கணக்கு ஒரே வரியில்

இப்போது கஞ்சனிடம் திரும்புவோம். அவன் எடுத்த பங்குகளை வரிசையாக எழுதினால்:

1/2 × 2/3 × 3/4 × 1/5 × 1/16 × 1/4

முதல் பின்னத்தின் கீழே 2, இரண்டாவதின் மேலே 2. இரண்டும் அடிபடுகின்றன. இரண்டாவதின் கீழே 3, மூன்றாவதின் மேலே 3. அவையும் அடிபடுகின்றன. முதல் மூன்று பின்னங்களும் சேர்ந்து வெறும் 1/4 ஆகிவிட்டன. மேலே மிஞ்சியவை எல்லாம் 1. கீழே மிஞ்சியவை 4, 5, 16, 4. நான்கு ஐந்து இருபது, இருபது பதினாறு முந்நூற்றிருபது, அது நான்கு மடங்கானால் 1280. கஞ்சன் கொடுத்தது ஒரு திரம்மத்தில் 1/1280 பங்கு. திரம்மத்துக்கு 1280 சோழி என்பதால் 1280 × 1/1280 = 1. அடிக்காமல் பெருக்கினால் 6/7680 என்று வரும். விடை அதேதான், சுருக்கும் வேலை மட்டும் பாக்கி.

426 2/3 என்ற உடைந்த எண் இந்த வழியில் தலைகாட்டவே இல்லை. அதோடு, பெருக்கலில் வரிசை முக்கியமல்ல என்பதும் இங்கே விளங்குகிறது. 640இல் முதலில் முக்காலை எடுத்தால் 480. அதில் மூன்றில் இரண்டு 320. அதே 320தான், உடைசல் இல்லாமல் வந்துவிட்டது. மனக்கணக்கில் எந்தப் பங்கை முதலில் எடுத்தால் மீதியின்றி வகுபடுமோ அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள் இந்த விடையைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள். பழைய தமிழ்க் கணக்கில் மா என்பது 1/20. அதில் கால் பங்கு காணி, 1/80. அதில் கால் பங்கு முந்திரி, 1/320. அந்த முந்திரியில் கால் பங்குக்குக் கீழ்க்கால் என்று பெயர்: 1/4 × 1/320 = 1/1280. கஞ்சனின் கணக்கில் ஐந்தாவது படி முடிந்தபோது நின்ற 4 சோழி, திரம்மத்தில் ஒரு முந்திரி. அவன் கடைசியில் கொடுத்தது ஒரு கீழ்க்கால். இந்த அளவுகள் எல்லாமே பின்னத்தில் பின்னம் எடுத்து, படிப்படியாகக் கீழிறங்கி வந்தவை.

எங்கே அடிக்கக் கூடாது

அடித்தல் பெருக்கலுக்கு மட்டுமே உரியது. இந்த எல்லையை மறந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

கூட்டலில் அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2/3 + 3/4 என்று இருக்கும்போது, கீழே 3, மேலே 3 என்று பார்த்தவுடன் பேனா தானாகவே இரண்டையும் அடித்துவிடுகிறது. 2/4, அதாவது பாதி என்று விடை வருகிறது. இது தவறு என்று கண்டுபிடிக்க எந்த விதியும் தெரிய வேண்டாம். முக்கால் மட்டுமே பாதியைவிடப் பெரியது. அதோடு இன்னொன்றைக் கூட்டினால் பாதியாகக் குறைய முடியுமா? சரியான விடை 17/12, அதாவது ஒன்றும் பன்னிரண்டில் ஐந்தும். கூட்டலில் அந்த இரண்டு மூன்றும் ஒன்றையொன்று தீர்ப்பதில்லை. ஒரு மூன்று ஒரு காகிதத்தைப் பிரித்த எண்ணிக்கை, மற்றொன்று வேறொரு காகிதத்தில் எடுத்த துண்டுகளின் எண்ணிக்கை.

இரண்டாவது தவறு மேலே உள்ள இரண்டு எண்களையே ஒன்றோடொன்று அடிப்பது. 4/5 × 8/9 என்ற கணக்கில் 4ஐயும் 8ஐயும் நான்கால் வகுத்து 1, 2 என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் பெருக்கும் எண்கள். அவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. தீர்த்துக்கொள்ள எதிரே யாரும் இல்லை. மேலே உள்ளது ஒன்று, கீழே உள்ளது ஒன்று என்ற இணையைத்தான் அடிக்க முடியும். இந்தக் கணக்கில் எதுவுமே அடிபடாது. நேராகப் பெருக்கி 32/45 என்று எழுத வேண்டியதுதான்.

மூன்றாவது, கலப்புப் பின்னம். 2 1/4 × 2/3 என்ற கணக்கில் கீழே உள்ள 4ஐயும் மேலே உள்ள 2ஐயும் அப்படியே அடித்தால் 2 1/2 × 1/3 ஆகி, 5/6 என்று விடை வரும். சரிபார்ப்போம். இரண்டேகாலை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு முக்கால். இரண்டு பங்கு ஒன்றரை. 5/6 எங்கே, ஒன்றரை எங்கே? இரண்டேகால் என்பது 2 + 1/4. அதற்குள் ஒரு கூட்டல் ஒளிந்திருக்கிறது. எனவே முதலில் அதைத் தகா பின்னமாக மாற்ற வேண்டும். 9/4 × 2/3. இப்போது 9க்கும் 3க்கும் மூன்றால், 4க்கும் 2க்கும் இரண்டால் அடித்தால் 3/2. அதுதான் ஒன்றரை. இந்தத் தவறும் முதல் தவறும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

மீதியில் பங்கு

கஞ்சனின் கணக்கில் ஒவ்வொரு முறையும் எடுத்த பங்கிலிருந்தே அடுத்த பங்கு எடுக்கப்பட்டது. அன்றாட வாழ்வில் நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரு பங்கைச் செலவழிக்கிறோம், கையில் மிஞ்சியதில் அடுத்த செலவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பெருக்கல் சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும்.

லீலாவதியிலேயே இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தீர்த்த யாத்திரை போனவர் ஒருவர் தன் பணத்தில் பாதியைப் பிரயாகையில் கொடுத்துவிட்டார். மீதியில் ஒன்பதில் இரண்டு பங்கைக் காசியில் செலவிட்டார். அதன் பின் இருந்த மீதியில் கால் பங்கு வழியில் சுங்கத்துக்குப் போயிற்று. அப்போதும் மிஞ்சியதில் பத்தில் ஆறு பங்கைக் கயையில் கொடுத்தார். வீடு திரும்பியபோது கையில் 63 நிஷ்கம். அவர் எவ்வளவு கொண்டு புறப்பட்டார்?

செலவான பங்குகளைப் பெருக்கினால் எதுவும் கிடைக்காது. ஒவ்வோர் இடத்திலும் மிஞ்சிய பங்கு எது என்று முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி போனால் மிச்சம் 1/2. ஒன்பதில் இரண்டு போனால் மிச்சம் 7/9. கால் போனால் 3/4. பத்தில் ஆறு போனால் 4/10, அதாவது 2/5. இவற்றைப் பெருக்குவோம்.

1/2 × 7/9 × 3/4 × 2/5

மேலே உள்ள 2ஐயும் முதல் பின்னத்தின் கீழே உள்ள 2ஐயும் அடித்துவிடலாம். மேலே உள்ள 3ஐயும் கீழே உள்ள 9ஐயும் மூன்றால் வகுத்தால் 1, 3. மிஞ்சுவது 7 / (3 × 4 × 5) = 7/60. புறப்பட்ட தொகையில் அறுபதில் ஏழு பங்குதான் 63 நிஷ்கம். ஏழு பங்கு 63 என்றால் ஒரு பங்கு 9. அறுபது பங்கு 540.

540 நிஷ்கத்தோடு புறப்பட்டவரை வழி நெடுகப் பின்தொடர்ந்து பார்க்கலாம். பிரயாகையில் 270 போக 270. காசியில் 60 போக 210. சுங்கத்தில் 52 1/2 போக 157 1/2. கயையில் 94 1/2 போக 63. சரியாக வந்துவிட்டது. செலவான பங்குகளையே பெருக்கியிருந்தால் 1/60 வந்து, விடை 3780 ஆகியிருக்கும். அதையும் இதே போல வழிநடத்திப் பார்த்தால் கையில் 441 நிஷ்கம் மிஞ்சும். தவறு அந்தக் கணமே வெளிப்பட்டுவிடும். பங்குக் கணக்கில் விடையைத் தொடக்கத்தில் வைத்து முன்னோக்கி நடத்திப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

நகைக் கணக்கு

இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தேவைப்படும் ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 22 காரட் நகை என்றால் அதன் எடையில் 24இல் 22 பங்கு தங்கம், மீதி செம்பு போன்ற வேறு உலோகம். 22/24ஐ இரண்டால் அடித்தால் 11/12. ஒரு சவரன் 8 கிராம். பத்து சவரன், அதாவது 80 கிராம் நகையில் எவ்வளவு சுத்தத் தங்கம்?

80 × 11/12 என்று எழுதுவோம். 80 முழு எண். அதன் கீழே 1 இருப்பதாக நினைத்துக்கொண்டால் அதுவும் ஒரு பின்னம்தான், மற்றவற்றைப் போலவே அடிபடும். 80ஐயும் 12ஐயும் நான்கால் வகுத்தால் 20 × 11/3 = 220/3. அதாவது 73 1/3 கிராம். இதையே முதலில் 11/12ஐத் தசமமாக்கி 0.92 என்று முழுமையாக்கிவிட்டுப் பெருக்கினால் 73.6 கிராம் வரும். கால் கிராமுக்கும் கூடுதலான தங்கம் இல்லாத இடத்திலிருந்து முளைத்துவிடுகிறது. பின்னத்தைக் கடைசி வரை பின்னமாகவே வைத்திருந்து, எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகுதான் தசமமாக மாற்ற வேண்டும். நகையில் பொறிக்கப்படும் 916 என்ற எண்ணும் இந்த 11/12தான். ஆயிரத்தில் 916 2/3 பங்கு, பின்னத்தை விட்டுவிட்டு எழுதியது.

அந்தத் தங்கத்தின் மதிப்பில் முக்கால் பங்கு கடன் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், எத்தனை கிராம் சுத்தத் தங்கத்தின் விலைக்கு ஈடான கடன்? 73 1/3இல் முக்கால் என்று தொடங்க வேண்டாம். முழுச் சங்கிலியையும் எழுதுங்கள்: 3/4 × 11/12 × 80. மேலே உள்ள 3க்கும் கீழே உள்ள 12க்கும் மூன்றால் அடித்தால் கீழே 4 மிஞ்சும். கீழே இப்போது 4 × 4 = 16. 80ஐ அது ஐந்து முறை வகுக்கும். 11 × 5 = 55 கிராம். இடையில் வந்த மூன்றில் ஒரு கிராம் இங்கும் தானே காணாமல் போய்விட்டது.

நகையின் எடை 5 சவரன் 4 கிராம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதை 5.4 சவரன் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. சவரனுக்குப் பத்து கிராம் இல்லை, எட்டுதான். நான்கு கிராம் அரைச் சவரன். எனவே அது ஐந்தரைச் சவரன், 44 கிராம். பங்கு எடுக்கும் முன் அளவு முழுவதையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சறுக்கல் நேராது. 44 × 11/12இல் நான்கால் அடித்தால் 11 × 11/3 = 121/3, அதாவது 40 1/3 கிராம் தங்கம்.

இதைச் சரிபார்க்க மறுபக்கத்திலிருந்து வாருங்கள். பன்னிரண்டில் பதினொன்று தங்கம் என்றால் பன்னிரண்டில் ஒன்று மற்ற உலோகம். 44ஐ 12ஆல் வகுத்தால் 3 2/3 கிராம். 40 1/3ஐயும் 3 2/3ஐயும் கூட்டினால் 44 கிராம். தராசு காட்டிய எடையும் அதுதான். எந்தப் பங்குக் கணக்கிலும் எடுத்த பங்கையும் விட்ட பங்கையும் தனித்தனியாகக் கண்டு, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முழு அளவு திரும்பி வந்தால், மேலும் கீழும் அடித்த ஒவ்வோர் எண்ணும் சரியாகவே அடிபட்டிருக்கிறது என்று நம்பலாம்.